வரிசையில் அடுத்தது

குளிர்பதனக் கிடங்கின் மெக்கானிக் மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். அதற்குள் புது ஆள் வராவிட்டால் ஆறு அறை மீனும் பழமும் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த பெண் மூன்று பேரைத் தேர்ந்து, முதலாமவருக்கு வேலை உத்தரவு அனுப்பினாள். இரண்டாமவளுக்கு எழுதியதை மேனேஜரிடம் காட்டினாள்.

‘முதலில் தேர்வானவர் வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் வரிசையில் அடுத்தது நீங்கள், திங்களன்று அழைப்போம். இடையில் வேறு வேலை கிடைத்தால் எங்களுக்காக விட்டுவிடாதீர்கள்.’

“என்னம்மா, நம்ம குட்ட நாமளே உடைக்கிறதா? ‘விரைவில் தெரிவிக்கிறோம்’னு போட்டா போதாதா?”

“விரைவில்னா என்னிக்குன்னு தெனம் போன் பண்றாங்க சார். எடுக்கிறது நான்தான்.”

“இந்த ஒரு தடவைதான். சொதப்புச்சுன்னா, பழைய வாசகத்துக்கே போயிடணும்.”

வெள்ளிக்கிழமை முதலாமவர் மறுத்துவிட்டார். பழைய இடத்திலேயே சம்பளத்தை ஏற்றிவிட்டார்களாம். திங்களன்று இரண்டாமவளை அழைத்தாள். அவளிடமிருந்து எழுத்திலேயே பதில் வந்தது.

‘உங்கள் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் என் முதல் தேர்வு ஒரு மருத்துவமனை. வியாழன் மாலைக்குள் சொல்வார்கள். அவர்கள் மறுத்தால் வரிசையில் அடுத்தது நீங்கள்தான். இடையில் வேறு ஆள் கிடைத்தால் எனக்காக விட்டுவிடாதீர்கள்.’

மேனேஜர் இரண்டு முறை படித்தார். “நம்மள ரிசர்வ்ல வச்சிருக்கா.”

“ஆமா சார். மூணாவது ஆளக் கூப்பிடவா? அவரப் பழக்கி எடுக்க ரெண்டு மாசம் ஆகும்னு நீங்கதான் சொன்னீங்க.”

“வேணாம். பாப்போம்.”

செவ்வாயன்று மேனேஜர் அவள் மேசைக்கே வந்துவிட்டார். “ஒரு ஞாபகப்படுத்தல் அனுப்பலாமா? அலையறோம்னு நெனச்சுப்பாளோ?” புதன்கிழமை வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெயிண்ட் வாசனை குளிரறைகள்வரை மெல்ல நடந்து போய்த் திரும்பியது.

வியாழன் மாலை, சொன்னபடியே தகவல் வந்தது. மருத்துவமனை அவளை எடுத்துக்கொண்டது.

“நம்மகிட்ட என்ன குறைன்னு கேட்டியா?” என்றார் மேனேஜர்.

“கேக்கல சார்.”

“கேட்டிருக்கலாம். பரவால்ல, சொன்ன நேரத்துல சொன்னா.”

மூன்றாமவரைத் தானே போனில் பிடித்தார். அவர் தயங்கினார். “சார், உங்களுக்கு முன்னாடி ஒரு பேக்கரி இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் தெரிஞ்சிரும்.”

“ஒண்ணும் அவசரமில்ல தம்பி. முன்னாடி அந்தப் பேக்கரி மட்டும்தானே?”

போனை வைத்தவர் முகம் தெளிந்திருந்தது. “எழுதும்மா. நம்ம மெக்கானிக்குக்கு.”

கம்ப்ரசர் அறையில் மெக்கானிக் அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தார். ‘தேர்வானவர் சனி மதியத்துக்குள் பதில் சொல்வார். மறுத்தால் உங்கள் இடத்துக்கு, இன்னும் இரண்டு மாதம், வரிசையில் அடுத்தது நீங்கள். விருப்பமில்லையென்றால் எங்களுக்காக இருந்துவிடாதீர்கள்.’

முப்பது வருடமாக அதே அறையில் நின்றவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கதவருகே நின்ற மேனேஜரைப் பார்த்தார்.

“இருக்கேன் சார். இண்டர்வியூ எதுவும் உண்டா?”