அளவு ஜாக்கெட்

எங்கள் வாப்பா இத்ரூஸ் முதலாளிக்கு விளம்பரம் என்றால் தன் முகம். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் அவர் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ஒரு சலுகை யோசித்தார்: சேலை எடுத்தால் ஜாக்கெட் தையல் இலவசம். யோசனை நல்லதுதான். அதை எழுதிக்கொண்டு வந்த தாளைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கம் முழுக்க எழுத்து. லைனிங் தனி, கடைசித் திகதி, அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டும், கடையின் வரலாறு, எல்லாவற்றுக்கும் மேலே அவர் படம். சுவரொட்டிக்கும் இதுதான், வாட்ஸ்அப்புக்கும் இதுதான், கவுண்டரில் வைக்கும் அட்டைக்கும் இதேதானாம்.

"வாப்பா, இத வாசிச்சு முடிக்கணும்னா பஸ் பிரேக் டவுன் ஆகணும்" என்றேன்.

"அப்ப நீயே செய் ரிஸ்கா. சரியா வந்தா பண்டாரவளைல தொறக்கப்போற கடை ஒனக்கு. இல்லாட்டி பர்ஹானுக்கு."

பர்ஹான் என் சாச்சாவின், அதாவது வாப்பாவுடைய தம்பியின், மகன். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டே தூங்குகிற ரகம். அவனிடம் ஒரு கடையைக் கொடுப்பதைவிட அதைப் பூட்டியே வைக்கலாம்.

நான் அந்தத் தாளைக் கூறு போட்டேன். சுவரொட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே வருவது. போகிற போக்கில் பார்ப்பவருக்கு ஒரே வரி, பெரிய எழுத்தில்: 'சேலை எடுங்க, ஜாக்கெட் தையல் இலவசம்'. கீழே கடைப் பெயரும் கடைசித் திகதியும். வாட்ஸ்அப் செய்தி நீண்டால் 'மேலும் படிக்க' என்று மடிந்துவிடும், அதை யார் அமுக்குகிறார்கள்? ஆகவே சலுகை, திகதி, இடம், போன் நம்பர், அவ்வளவுதான். மிச்ச நிபந்தனையெல்லாம் கவுண்டர் அட்டைக்குப் போயின. வாப்பாவின் படம் எங்குமே போகவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செய்தி தேயிலைத் தோட்டங்களில் லயம் லயமாகப் பரவியது. சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, மடுல்சீமை பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் பெண்கள் நேராகக் கடைக்குள் நுழைந்தார்கள். முன்னால் அகஸ்டினா அக்கா; கொழுந்து எடுக்கிறவர், அந்தக் கூட்டத்துக்கே வாய் அவர்தான். சேலைகளைப் பிரித்துப் புரட்டிக் கடையைத் திருவிழாவாக்கினார்கள். வாப்பா என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

அகஸ்டினா அக்கா சேலையோடு கவுண்டருக்கு வந்து என் அட்டையைச் சத்தமாக வாசித்தார். "அளவு ஜாக்கெட்டை வீட்டிலிருந்து கொண்டு வரவும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, நான் இப்ப ஒங்க கடையில நிக்கிறேன். ஜாக்கெட்டு மடுல்சீமையில இருக்கு. இத இங்க வச்சு யாருக்குச் சொல்றீங்க?"

அந்த ரோட்டில் குலுங்கி வந்தவரை, போய் எடுத்து வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? லைனிங் வேண்டுமா என்று கவுண்டரில் கேட்கலாம். இது வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தெரிய வேண்டிய வரி. அதை, வந்து சேர்ந்த பிறகு வாசிக்கும்படி அழகாக எழுதி வைத்திருக்கிறேன்!

"ஒடம்புல டேப் வச்சு அளவெடுக்க என்னால ஏலாது!" உள்ளேயிருந்து எங்கள் தையற்காரி காமிலா ராத்தா கத்தினார். "இத்தன பேருக்கும் எடுத்து முடியிறதுக்குள்ள நத்தாரே வந்துரும். அப்பறம் கை புடிக்குது, கழுத்து எறங்குதுன்னு என்னத்தான் ஏசுவாங்க."

வாப்பா தன் பழைய தாளை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் விரலால் தடவினார். ஏசியிருந்தால் தேவலை. அவ்வளவு குப்பைக்கு நடுவிலும் சரியான ஒரு வரியை வைத்திருந்தார் மனிதர். பண்டாரவளை கைவிட்டுப் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னத்துக்கு இப்பிடி முழிக்கிறீங்க?" அகஸ்டினா அக்கா உடுத்திப் பார்க்கும் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு மேலாக ஒரு ஜாக்கெட் பறந்து வந்து, சரியாக என் அட்டையின் மேல் விழுந்தது. "இந்தாங்க அளவு! மொதலாளி, கொஞ்சம் வெளிய போறீங்களா?"

வாப்பா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஷட்டரைப் பாதி இறக்கினோம். அகஸ்டினா அக்கா சேலையைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க, காமிலா ராத்தா அளவைக் குறித்துக்கொண்டு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அடுத்தவர். கடைசி மடுல்சீமை பஸ்ஸுக்கு முன் எல்லோருக்கும் முடிந்தது.

அட்டையிலிருந்த அந்த வரியை அடித்துவிட்டு என் போனை அகஸ்டினா அக்காவிடம் நீட்டினேன். அவரே குரல் செய்தி போட்டார்: "அடியே, தையல் இலவசம்ங்கிறது நெசந்தான். ஆனா அளவு ஜாக்கெட்ட வீட்டுலயே பையில போட்டுக்கிட்டு வாங்க. இல்லாட்டிப் பாவம், மொதலாளி ரோட்டுல நிக்கணும்."

நான் எழுதியதைவிட அது வேகமாகப் போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பையிலிருந்து முதலில் எடுத்தது ஜாக்கெட்டைத்தான். நத்தாருக்கு முன்பே சேலை அலுமாரி காலி.

வாப்பா பண்டாரவளைச் சாவியை மேசையில் வைத்தார். ஆனால் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்க போஸ்டர்ல என்ட படம் வரணும்."

"வரும் வாப்பா. ஆனா கையில ஒண்ணப் புடிச்சிருக்கணும்."

இப்போது பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பழைய ஜாக்கெட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வாப்பா பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அளவு ஜாக்கெட் இல்லாமல் என் கடைக்கு இன்றுவரை ஒருத்தியும் வந்ததில்லை. படத்தில் இருப்பது உம்மாவின் ஜாக்கெட். உம்மா இன்னும் எங்கள் இருவரோடும் பேசவில்லை.