முப்பது மதிப்பெண் வித்தியாசம்

மருத்துவமனை மருந்துக் கிடங்கில் அவருக்கு டேலி சார் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அட்டைப் பெட்டியை எண்ணினாலும் ஊசி மருந்தை எண்ணினாலும், கடைசியில் நிமிர்ந்து “டேலி ஆகல” என்று அவர் சொல்லும்போது எதிரே நிற்பவர் தன் பையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார். திருட்டு, மறதி, தூக்கக் கலக்கம் எல்லாம் அவரிடம் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு மாத்திரை அட்டை குறைந்ததற்கு வார்டு நர்ஸ் ஒருத்தியை அழ வைத்து, பிறகு அது தன் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தபோது, அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. கணக்கு இடித்தால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

வீட்டிலும் அதே கண்தான். மகள் பள்ளியில் தொண்ணூற்று நாலு வாங்கிக்கொண்டு வந்தால் “மீதி ஆறு எங்க போச்சு?” என்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். தான் வேடிக்கை செய்வதாகவே அவர் நம்பினார். மகளும் சிரிப்பாள். அவள் சிரிப்பதை நிறுத்தி எத்தனை வருஷம் ஆயிற்று என்பது மட்டும் அவர் எண்ணாமல் விட்ட ஒரே கணக்கு.

அந்த மகளுக்குக் கல்லூரிக் கடைசிப் பருவத் தேர்வின் முடிவு வந்தது. அவர் வேலையில் இருந்தபோது போனுக்கு ஒரு படம் வந்தது. மதிப்பெண் பட்டியலை இணையதளத்திலிருந்து அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவர் ‘பாஸ்’ என்ற கட்டங்களை வரிசையாகப் பார்த்தார். ஆறு தாளுக்கும் பாஸ். உச்சி குளிர்ந்துபோய் கிடங்கில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு அதிசயம் அதுவரை அங்கே நடந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினார். கை சும்மா இருக்காதே, கூட்ட ஆரம்பித்தது. மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“டேலி ஆகல,” என்றார் டேலி சார்.

மகள் பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

“மூணாவது பேப்பரப் பாரு. இன்டர்னல் பதினெட்டு, எக்ஸ்டர்னல் நாப்பத்திமூணு. ரெண்டும் சேந்தா அறுபத்தொண்ணு. இவங்க முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்காங்க! அடியில மொத்தம் முந்நூத்தி எண்பத்தெட்டு வரணும், முந்நூத்தி அம்பத்தெட்டுதான் இருக்கு. முப்பது மார்க்க முழுங்கிட்டு ஏப்பம் விட்டுட்டாங்க!”

“அப்பா...” என்றாள் மகள்.

“நீ பேசாம இரு. பாஸ்னும் போட்டிருக்கான், முப்பத்தொண்ணுன்னும் போட்டிருக்கான். முப்பத்தொண்ணு எப்படி பாஸ் ஆகும்? அறுபத்தொண்ணுதான் சரி. இத எல்.கே.ஜி பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும்.” சமையலறைப் பக்கம் திரும்பி, “கேட்டியா? உன் பொண்ணு ராத்திரி பகலா கண் முழிச்சு எழுதின மார்க்க எவனோ தின்னுட்டான்!” என்றார்.

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “அதான் பாஸ் ஆயிட்டாளே, விடுங்களேன்.”

“விடறதா?” என்றார். அந்த வார்த்தை அவர் அகராதியில் இல்லை.

உட்கார்ந்து கடிதம் எழுதினார். மகள் எழுதுவது போலவே, ‘நான்’ என்று. “தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு, இணைப்பில் உள்ள ஸ்கிரீன்ஷாட்டில் மூன்றாம் தாளின் கூட்டுத்தொகையும் மொத்தக் கூட்டுத்தொகையும் பொருந்தவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். எனவே என் விடைத்தாளை மறுமதிப்பீடு செய்து, தவறு செய்தவர்கள் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” தக்க நடவடிக்கை என்ற இடத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடியில் ‘நகல்’ என்று போட்டு, பதிவாளருக்கு ஒன்று, துணைவேந்தர் அலுவலகத்துக்கு ஒன்று. ஒரே இடத்துக்கு அனுப்பினால் குப்பைக் கூடைக்குப் போகும், மூன்று இடத்துக்கு அனுப்பினால் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு வேலை பார்ப்பார்கள் என்பது அவர் அனுபவத்தில் கற்ற பாடம்.

பேனாவை மகளிடம் நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை, நன்றாகப் படித்துவிட்டுத்தான் போடுகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். மறுநாள் கலர் பிரிண்ட் எடுத்து, மூன்று உறைகளையும் பதிவுத் தபாலில் சேர்த்தார்.

பதில் வந்தது. மாணவி அடையாள அட்டையுடன் தேர்வுப் பிரிவுக்கு நேரில் வர வேண்டும் என்றிருந்தது. “பாத்தியா, பயந்துட்டாங்க,” என்றார் டேலி சார். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

தேர்வுப் பிரிவு நீளமான ஒரு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. மகள் அதில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க முதல்ல போங்கப்பா. கூப்பிட்டா வரேன்,” என்றாள். முகம் வெளிறியிருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே பிரிவுக் கண்காணிப்பாளராக ஒரு அம்மாள் இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டேலி சார் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். முப்பது மதிப்பெண், அலட்சியம், பிள்ளைகளின் எதிர்காலம். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அது டேலி சாருக்குப் பிடித்திருந்தது.

“சார், ஒரு விஷயம்,” என்றார் அம்மாள். “கூட்டல் தப்புன்னா அதுக்கு மறுகூட்டல். பேப்பரையே வேற ஆளை வச்சுத் திருத்தறது மறுமதிப்பீடு. ரெண்டும் வேற வேற. ரெண்டுக்குமே மாணவிதான் விண்ணப்பம் போடணும், லெட்டர் போதாது.”

“சரி, போடறோம். ஆனா தப்பு உங்களுதுதானே?”

“அதான் சார் எங்களுக்கும் இடிச்சுது. பரீட்சை பேப்பர்ல கூட்டறப்போ மனுஷன் தப்பு பண்ணலாம். பட்டியல்ல இன்டர்னலையும் எக்ஸ்டர்னலையும் கூட்டறது கம்ப்யூட்டர். அது பதினெட்டையும் நாப்பத்திமூணையும் கூட்டி முப்பத்தொண்ணுன்னு போடாது.”

அவர் கணினித் திரையை டேலி சார் பக்கம் திருப்பினார். அதே பட்டியல், அதே பதிவு எண். மூன்றாம் தாள். இன்டர்னல் பதினெட்டு. எக்ஸ்டர்னல் பதின்மூன்று. கூட்டுத்தொகை முப்பத்தொன்று. தேர்ச்சி இல்லை. அடியில் முந்நூற்று ஐம்பத்தெட்டு. எல்லாம் கச்சிதமாக டேலி ஆனது.

டேலி சார் தான் அனுப்பிய கலர் பிரிண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு ஒன்று நாலாகியிருந்தது. ‘பெயில்’ என்ற இடத்தில் ‘பாஸ்’ வந்திருந்தது. வேறு ஒரு புள்ளிகூட மாறவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியுது சார்,” என்றார் அம்மாள் மெதுவாக. “தெரிஞ்சிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டீங்க.”

“அந்த லெட்டர நான் வாபஸ் வாங்கிக்கறேம்மா. கிழிச்சுப் போட்டுடுங்க.”

“எனக்கு மட்டும் வந்திருந்தா ‘பட்டியல் சரியா இருக்கு’ன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பியிருப்பேன் சார். எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நீங்க பதிவாளருக்கும் துணைவேந்தர் ஆபீஸுக்கும் அனுப்பிட்டீங்க. மூணு இடத்துலயும் பதிவாயிடுச்சு. நடவடிக்கை எடுங்கன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. மேல இருந்து கேள்வி வந்துடுச்சு. திருத்தின பட்டியலை ஆதாரமாக் குடுத்தா அது முறைகேடு. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகுது.”

“நான்தான் மாத்தினேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“கையெழுத்து அவங்களோடது சார்.”

அம்மாள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். “ஒரு பேப்பர் போறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல சார். அடுத்த மாசம் துணைத் தேர்வு இருக்கு, எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப விசாரணை முடியற வரைக்கும் பரீட்சைக்கு அனுமதி கிடையாது. ரிசல்ட்டையும் நிறுத்தி வைப்பாங்க. வருஷம் போறதுக்கும் வாய்ப்பு இருக்கு. அவங்க வந்து நடந்ததை ஒளிக்காம எழுதிக் குடுத்தா, குழு கொஞ்சம் இரக்கம் பாக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

அவர் வெளியே வந்தார். மகள் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது, அதற்கும் கை வரவில்லை. தன் கையால் எழுதி, தன் காசில் தபால் வில்லை ஒட்டி, பெற்ற பெண்ணைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்தார். ஆனாலும் வாயிலிருந்து வந்தது என்னவோ கணக்குத்தான்.

“கூட்டுத்தொகைய மாத்த மறந்துட்டியாம்மா?”

“மறக்கலப்பா.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நம்பரை மாத்தினப்புறம் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. மத்ததைத் தொட மனசு வரல. அப்படியே அனுப்பிட்டேன். நீங்க எப்படியும் கூட்டிப் பாப்பீங்க, டேலி ஆகலன்னதும் ‘என்னடி இது’ன்னு என்கிட்டதான் கேப்பீங்க, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். நானாச் சொல்ல தைரியம் இல்லப்பா.”

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

“எல்லாரையும் கேப்பீங்களே. அன்னிக்கு எதிர்லயே உக்காந்திருந்தேன். என்னைக் கேக்கவே இல்ல.”

“உன்னைச் சந்தேகப்படத் தோணலம்மா,” என்றார். “வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தரைச் சந்தேகப்படத் தோணல.”

மகள் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் பதிவு எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் கூடவே எழுந்தார். கதவருகே இருந்த பணியாளர் கையை நீட்டித் தடுத்து, “மாணவி மட்டும்,” என்றார்.