ரெண்டு சிவப்பு

ஜெயபாரதியின் லேபில் மெரூன் மெரூனாகத்தான் வந்தது. அதே சாயம், அதே உப்பு, அதே சோடா போட்டு மெஷினில் ஓட்டினால் மட்டும் துணி பழசாகிப்போன மாதிரி வெளிறி வந்தது. இரண்டு லாட்டுத் துணி இப்படிப் போயாயிற்று. முதலிபாளையம் டையிங் சாயப்பட்டறையின் முதலாளி மகுடேஸ்வரன் கத்துகிற ஆள் அல்ல. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“மூணாவதும் இப்படி வந்துச்சுன்னா லேப்ப வேற ஆளுகிட்டத்தான் குடுக்கோணும் அம்மிணி. மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார், கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில்.

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? ஆனால் அவளுக்குத் தன் கணக்கின் மேல் நம்பிக்கை இருந்தது. இந்தச் சாயம் துணியில் பிடிக்க அறுபது டிகிரி வேண்டும். மெஷினின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலரும் அறுபது என்றுதான் காட்டியது. வெள்ளோட்டமாக வெறும் தண்ணீரைச் சூடேற்றி, மெஷினின் குழாயில் வழிகிற தண்ணீரிலேயே கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று.

எலக்ட்ரீசியன் சிவராஜ் சிரித்தார். “கண்ணாடி பொய் சொல்லுதுங்க அம்மிணி. கன்ட்ரோலர் புதுசு. போன மாசந்தான் நானே ஏசி ரூமுக்கு மாத்தி வெச்சேன்.”

“மெஷினுக்கும் ரூமுக்கும் எவ்வளவு தூரமுங்கண்ணா?”

“நாப்பது மீட்டர் இருக்கும். டெலிபோன் வயரு மாதிரி சன்னமா ரெண்டு கம்பி வயர் ஒரு ரோல் கெடந்துச்சு, இழுத்துட்டேன்.”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மெஷினுக்குள் இருக்கும் சென்சார் ஒரு பிளாட்டினக் கம்பி. சூடேற ஏற அதன் மின்தடை கூடும். அதைத்தான் கன்ட்ரோலர் டிகிரியாகப் படிக்கிறது. வழியிலிருக்கும் கம்பிக்கும் மின்தடை உண்டு என்றால், அதுவும் சூடாகத்தானே கணக்கில் சேரும்!

“செம்புக் கம்பிங்க. அதுல என்ன தடை இருக்கப்போகுது?” என்றார் சிவராஜ்.

“அளந்துருவோமுங்க.”

மெஷின் பக்கம் சென்சாரைக் கழற்றி, வயரின் இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று முறுக்கினார்கள். ஏசி ரூமில் மீட்டரை வைத்தார் சிவராஜ். இரண்டே முக்கால் ஓம். மனிதர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

“இரும்பா இருந்தா இன்னும் பல மடங்கு காட்டும், செம்புங்கறதால இவ்வளவோட போச்சுங்க. ஆனா போக நாப்பது, வர நாப்பது. நீளம் கூடக் கூடத் தடையும் கூடுமுங்க. கம்பியும் சன்னம். பிளாட்டினம் ஒரு டிகிரிக்கு அரை ஓம்கூட ஏறாது. அப்ப இந்த ரெண்டே முக்காலு ஏழு டிகிரிங்க!” என்றாள் ஜெயபாரதி.

விஷயம் கேட்டு வந்த மகுடேஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. “அவ்வளவுதானா? கன்ட்ரோலர்ல ஏழைக் கழிச்சு வெச்சுட்டா முடிஞ்சுது.”

முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மதியம் பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது ஜெயபாரதி மறுபடி அளக்கச் சொன்னாள். மூன்று ஓமைத் தாண்டியிருந்தது. வயர் போகிற வழியெல்லாம் நீராவிக் குழாய். செம்பும் சூடானால் தடை கூட்டுகிற ஜாதிதான். காலையில் ஏழு, மதியம் எட்டு என்று மாறுகிற பிழையை எதைக் கொண்டு கழிப்பது?

“தடிமனா வயர் போட்டா?” என்றார் சிவராஜ். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“அஞ்சு கம்பியச் சேத்த தடிமன்னா பிழை அஞ்சுல ஒண்ணாகும். ஆனா முழுசாப் போகாதுங்க.” அவள் சென்சாரின் வாலைக் கையிலெடுத்தாள். ஒரு வெள்ளை வயர், ஒரு சிவப்பு. பக்கத்தில் ஒட்ட வெட்டி, டேப் சுற்றிய இன்னொரு சிவப்பு. “இது என்னங்கண்ணா?”

“அது ஸ்பேருங்க. ரெண்டு சிவப்பும் உள்ளாற ஒரே முனையிலதான் சேருது, மீட்டர் வெச்சுப் பாத்தேன். எதுக்கு ரெண்டுன்னு வெட்டிட்டேன். கன்ட்ரோலர் மூணு வயர் கேட்டுது, அங்கயே ஒரு துண்டுக் கம்பி போட்டு வாய மூடிட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. கன்ட்ரோலர் கேட்டது வீண் கேள்வியல்ல. இரண்டு சிவப்பு வழியாகவும் அளந்தால், வழியில் மட்டும் எவ்வளவு தடை என்று தெரிந்துவிடும்; அதைக் கழித்தால் மிஞ்சுவது சென்சார்.

“அப்ப மூணும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே செம்பா இருக்கோணும்,” என்றார் மெதுவாக. “ஒரே வழியிலயும் போகோணும். சூடு பட்டா மூணுக்கும் ஒரே மாதிரி படுமில்லீங்களா?”

“அதேதானுங்கண்ணா!”

சிவராஜ் திருப்பூர் போய் மூன்று கம்பி வயர் வாங்கி வந்து, தானே ஏணியேறி இழுத்து, துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, வெட்டிய சிவப்பையும் இணைத்தார். தண்ணீரைச் சூடேற்றினார்கள். கன்ட்ரோலர் அறுபது. கண்ணாடியும் அறுபது. பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போதும் அறுபதேதான்.

மூன்றாவது லாட்டு வந்ததும் ஒரு துண்டை வெட்டி, துணி வாங்கும் பையர் மாதிரிக்கு அனுப்பிய துண்டோடு ஷேடு பார்க்கும் விளக்கடியில் வைத்தாள். மகுடேஸ்வரன் குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுல பையரோட துண்டு எது, அம்மிணி?”

ஜெயபாரதிக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வெளியே சிவராஜ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மெஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அங்கேயும் அவர் ஒரு சிவப்பை வெட்டியிருந்தார்.