மனைவிக்கும் வராது

எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பாண்டிபஜார் கிளை மேலாளர் அனந்தராமன் எழுதும் தமிழைப் படித்து முடிப்பதற்குள் கிளெய்ம் பண்ணும் வயது வந்துவிடும். முதன்முதலாக டெர்ம் பாலிசி எடுத்த ஜவுளிக்கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி, "ஒண்ணுமே வெளங்கல" என்று பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவருக்கு விளக்கக் கடிதம் என்று சார் எழுதியது இது:

"முன்மொழிவில் கண்ட யாதொரு கூற்றும் மெய்க்குப் புறம்பானதெனில் இவ்வொப்பந்தம் செல்லாததாகி, செலுத்திய தவணைகள் இழக்கப்படும்."

எனக்கு எரிச்சல் வந்தது. நானே எழுதினேன்.

"இருபது வருஷத்துக்குள் நீங்கள் இறந்தால் மனைவிக்குப் பணம் வரும். உயிரோடு இருந்தால் யாருக்கும் ஒன்றும் வராது. விண்ணப்பத்தில் நோயை மறைத்திருந்தால் மனைவிக்கும் வராது. கட்டியதும் போகும்."

சார் பதறிவிட்டார். "என்ன நீரஜா, இப்படிப் பயமுறுத்திண்டு? ஆள் ஓடிடுவான்!"

"ஓடினா இப்பவே ஓடட்டும் சார். அப்புறம் அந்தம்மா நம்ம கவுண்டர்ல வந்து அழ வேண்டாம்."

அண்ணாச்சியைப் பாலிசி எடுக்க வைத்த ஏஜென்ட் ஹரி என் மேஜைக்கே வந்து குழைந்தான். "மேடம், நோயை மறைக்கிறது பத்தின அந்த வரி மட்டும் வேணாமே." அப்போதே எனக்குச் சந்தேகம். இந்த ஏஜென்ட்டுகளின் வழக்கம் தெரிந்ததுதான். விண்ணப்பத்தை அவர்களே நிரப்புவார்கள். நோய்க் கேள்விகளுக்கு மேலிருந்து கீழே வரை வரிசையாக 'இல்லை'. பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து மட்டும் வாடிக்கையாளருடையது.

வரியை எடுக்கவில்லை. கடிதம் கடை விலாசத்துக்குப் போனது.

இரண்டு நாளில் அண்ணாச்சி வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, எனக்கு மூணு வருசமா சுகர். மாத்திரை போடுதேன், அதான் டாக்டர் டெஸ்ட்ல தெரியல. ஹரித் தம்பி, 'அதெல்லாம் எழுத வேணாம்'னுட்டாரு. இப்ப நான் போனா எம் பொஞ்சாதி மீனாட்சிக்கு ஒண்ணுமே கெடைக்காதா?"

"மறைச்சதைக் கண்டுபிடிச்சா கிடைக்காது. இப்பவே எழுதிக் கொடுங்க. மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க. பிரீமியம் கூடும். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்." அங்கேயே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பென்சில் புள்ளி தேவைப்படவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அவர் கிளம்பவில்லை.

"அம்மா, இதே மாதிரி வெளங்குற தமிழ்ல இன்னொரு லெட்டர் எழுதித் தாங்களேன். வீட்டு விலாசத்துக்கு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"மீனாட்சிக்கு. சுகர் இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. பயந்துருவான்னு சொல்லல."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. டெலிபோனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்த லெட்டரை நான் எழுத மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

அவர் ரிசீவரை எடுத்து வீட்டு நம்பரைச் சுழற்றினார்.

"மீனாட்சி, நாந்தான். பதறாத. ஒக்காந்துக்கோ."