ஒன்றரை பாட்டில் மருந்து

“காய்ச்சல் நின்னா மருந்தையும் நிறுத்தணும்னு யாரும்மா சொன்னது?”

டாக்டர் இரைந்து பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மடியில் மகள் மறுபடி அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“ஆறாம் நாளே உடம்பு குளுந்துடுச்சு டாக்டர். அதுக்கப்புறமும் ரெண்டு நாள் கொடுத்தேன்.”

“பதினாலு நாள் எழுதினேன். டைபாய்டு கிருமி காய்ச்சலோட சேர்ந்து போயிடாது. உள்ள பதுங்கி இருக்கும். பாதியில விட்டா ரெண்டு வாரத்துல திரும்பி வரும்.” புதிதாக ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். இனி நரம்பில் ஊசிதான். “மிச்ச மருந்து எங்க?”

அவள் மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

மிச்சம் ஒன்றரை பாட்டில், நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தது. அவர் மகனுக்கும் அதே காய்ச்சல், அதே தண்ணீர்த் தொட்டி. “உன் பொண்ணு துள்ளிக் குதிக்கிறா. இனி மருந்தைப் பெட்டியில வெச்சுப் பூட்டப்போறியா? டாக்டருக்கு நான் வேற தனியா அழணுமா?” என்றார். அளவு மூடியோடு கொடுத்தனுப்பினாள். பன்னிரண்டு கிலோ மகளுக்கு வேளைக்கு ஆறு மில்லி. அந்த அளவில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள். முப்பது கிலோ பையனுக்கும் நாத்தனார் அந்தக் கோடு வரைக்கும்தான் ஊற்றினார்.

“அவனுக்குப் பதினஞ்சு மில்லி போயிருக்கணும்,” என்றார் டாக்டர், விஷயத்தைக் கேட்டதும். “பாதிகூடப் போகலை. அதுவும் ஆறே நாள். மருந்து எடையைப் பார்த்துக் கொடுக்கறதும்மா, உறவைப் பார்த்து இல்ல.”

அவள் வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் நாத்தனார் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பையனின் வயிறு காலையில் பலகையாய் இறுகிவிட்டது. டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை. அறுவை அறையின் கதவு சாத்திக் கிடந்தது. ஊர் முழுக்க அதட்டிப் பேசும் அந்த வாய் இப்போது முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு இரக்கம் வந்தது. கூடவே கசப்பும் வந்தது. கேட்டது இவர். கொடுத்தது நான். இதில் எந்தக் கை சுத்தம்?

“டாக்டர் என்ன சொன்னார்?”

“மறுபடி முதல்லேர்ந்து, அண்ணி. ஊசி.”

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

“எங்க வீட்டுக்காரர் பஸ் ஏறிட்டாராம். வந்ததும் மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பார். நான் கேட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவார். நீ எங்கம்மா வீட்டுக்கு மருமகளா வந்தவ. உன்னை ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவார்.” குரல் உடைந்தது. “நீயாத்தான் கொண்டுவந்து கொடுத்தேன்னு சொல்லிடும்மா. இந்த அளவே போதும்னு நீதான் சொன்னதாவும் சொல்லிடு. சொல்லுவியா?”