ஜன்னலோர மேஜையும் இரண்டு சட்டிகளும்

ஆஸ்பத்திரி கேன்டீனில் நானும் என் ஓரகத்தியும் ஒரே அடுப்படியில் நிற்கிறோம். வேலையில் சேர்ந்து எனக்குப் பதினோரு வருஷம், அவளுக்கு ஏழு மாதம். வீட்டிலும் அவள் சின்னவள்தான். அங்கே அவள் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுவதைப் பொறுத்துக்கொண்டேன். இங்கேயுமா?

வெட்டி அடுக்கும் மேஜை ஒன்று ஜன்னலோரம் இருக்கிறது. புகையில்லை, காற்று வரும். அங்கே நின்றவள் ஓய்வுபெற்றுப் போனாள். சூப்பர்வைசர் சொன்னார்: "நாளைக்கு ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு வேகவைங்க. வட்டமா வெட்டும்போது யாரோட வில்லை உடையாம வருதோ, அவங்களுக்கு அந்த இடம்."

மறுநாள் நான் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு முழுக் கிழங்குகளைப் போட்டேன். என் வழக்கம் அதுதான். சின்னவள் கிழங்கைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, சிறு தீயில் வைத்தாள்.

"என்னடி, குளிப்பாட்டுறியா? இது வேகறதுக்குள்ள நோயாளியெல்லாம் குணமாகி வீட்டுக்குப் போயிடுவாங்க."

"போகட்டும்க்கா, நல்லதுதானே! மெல்ல சூடேறினா மேல்பக்கம் இறுகிக்கும். உள்ளயும் வெளியயும் ஒண்ணா வேகும்."

சிரித்தேன். ஆனால் என் சட்டியில் அதற்குள் தோல் வெடித்து, மேல்மாவு கரையத் தொடங்கியிருந்தது. குத்திப் பார்த்தால் நடுவில் வேகாமல் கல்லாக இருந்தது.

அவளுக்கு போன் வந்தது. வெளியே போனாள். அவள் சட்டித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்புக்கூட இல்லை. அதைச் சாய்த்துக் கொட்டினேன். கொதிநீர் ஊற்றி, தீயைக் கூட்டினேன். ஒரு நிமிஷ வேலை.

சூப்பர்வைசர் இரண்டையும் வெட்டினார். என்னுடையது உதிர்ந்தது. அவளுடையதும் உதிர்ந்தது.

"ரெண்டும் ஒரே லட்சணம்தான். இப்போ யாருக்குக் கொடுக்க?"

"அக்காவுக்கே கொடுங்க சார்," என்றாள் சின்னவள். "நான்தான் தீயைக் கவனிக்கலை போல."

அந்தப் பெருந்தன்மையும் என் நெஞ்சில் முள்ளாகத்தான் குத்தியது.

மேஜை கிடைத்தது. கூடவே தினமும் நாற்பது தட்டுக்கு முழு வில்லை அடுக்கும் பொறுப்பும் வந்தது. இரண்டு நாள் உதிர்ந்த கிழங்கைப் பிசைந்து ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் விடிந்ததும், யாரும் வருமுன், பச்சைத்தண்ணீரில் கிழங்கைப் போட்டேன். மெல்லச் சூடாக்கினேன், ஆறவிட்டு வெட்டினேன். ஒரு வில்லைகூட உடையவில்லை.

பின்னால் சின்னவள் நின்றாள். ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பு சரியா இருக்குக்கா. அன்னைக்கு உதிர்ந்த என் கிழங்கைத் தின்னு பார்த்தேன், உப்பே இல்லை. நானே கை நிறைய அள்ளிப் போட்டேன் தண்ணியில."

கத்தியை வைத்தேன். பலகையைத் துடைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுப்புக்குப் போனேன்.

அவள் 'வேண்டாம்க்கா' என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்தாள்.