சொர்ணவல்லியின் உறை

விராலிமலை ரோட்டில், லாரிகள் நிற்கும் புளியமரத்தடிக்கு எதிரே, பெரியகருப்பனின் மிலிட்டரி ஓட்டல் இருந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அங்கே தணல் கோழி கேட்பார்கள். கடையின் பேர் பெரியகருப்பனுடையது. கைமணம் அவன் மனைவி சொர்ணவல்லியுடையது.

அவள் கோழியைத் தயிர், மிளகாய், மஞ்சள், பூண்டு, உப்பு கலந்த கலவையில் காலையிலேயே ஊறப்போடுவாள். தணலில் திருப்பித் திருப்பிச் சுடும்போது, ஊறின அந்தத் தண்ணீரையே வாழைநார்க் குஞ்சத்தால் தொட்டுத் தடவுவாள். அடுப்பிலிருந்து இறக்கி இலையில் வைத்த பிறகும் பளபளப்புக்காக இன்னொரு தடவல். மிஞ்சினதை அவள் கொட்டுவதில்லை. ஒரு பீங்கான் ஜாடியில் ஊற்றி, மறுநாள் புதுத் தயிரும் மசாலாவும் சேர்த்துக்கொள்வாள். அவள் பிறந்த வீட்டில் மோர் விற்றார்கள். நேற்றைய மோர்தான் இன்றைய பாலைத் தயிராக்குகிறது என்று பார்த்து வளர்ந்தவள். அதனால் அந்த ஜாடிக்கு அவள் வைத்த பெயர் உறை. கறி உறை.

பங்குனியில் ஆரம்பித்த ஜாடி. இப்போது சித்திரை வெயில் கல்லை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை தங்கமுத்து வந்தான். வாரம் இருமுறை மதுரைக்கு உரமூட்டை ஏற்றிப் போகிற டிரைவர். வழக்கமாக வாசலிலேயே, "அக்கா, ரெண்டு கால் எடுத்து வைங்க" என்பவன், பெஞ்சில் உட்கார்ந்து கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னப்பா, பொண்டாட்டி சோறு போடலையா?"

"போட்டா என்ன, வயித்துல நிக்கணும்ல அக்கா. நாலு நாளு திருச்சி ஆஸ்பத்திரியில கெடந்தேன். நானும் கிளீனரும். இன்னொரு டிரைவரு இன்னும் அங்கதான் இருக்கான்."

"பேதியா?"

"பேதி, வாந்தி, காய்ச்ச. எங்களோட வந்த லோடுமேனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அவனும் இங்கதான் சாப்பிட்டான். ஆனா கோழிக் கொழம்பு. நாங்க மூணு பேரும் தணல் கோழி."

சொர்ணவல்லி அம்மியில் ஓடிக்கொண்டிருந்த குழவியை நிறுத்தினாள். "ரெண்டும் ஒரே கோழிதான். அன்னைக்குக் காலைல அறுத்தது."

"நானும் அதத்தான் டாக்டர்ட்ட சொன்னேன். அவரு கேட்டாரு, சுட்டு எறக்கினதுக்கப்புறம் மேல எதாச்சும் தடவுவாங்களான்னு. ஆமா, ஊறின தண்ணியத் தடவுவாங்க, அதுலதான் ருசின்னேன். கொதிக்க வச்சுத் தடவுவாங்களான்னாரு. எனக்குத் தெரியல."

"தயிரு, உப்பு, மஞ்சள், மிளகா. அதுல என்ன அண்டும்?"

"அதையும் கேட்டேன் அக்கா. புளிப்பும் உப்பும் பத்தாதாம். பச்சைக் கறியில இருக்கிறது அந்தத் தண்ணியில எறங்கிருமாம். நெருப்பு கோழியத்தான் சுட்டுச்சு, அதுக்கப்புறம் தடவினது பச்சைதானேன்னாரு. கொழம்பு தளபுளன்னு கொதிச்சுது, அதான் லோடுமேன் தப்பிச்சானாம்." தங்கமுத்து எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினான். "சண்டைக்கு வரல. ஒங்க கையில சாப்பிட்டவன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

லாரி கிளம்பிப் போனதும் அவள் குழவியை அம்மியிலேயே விட்டு எழுந்தாள். பிறகு உள்ளே போய் ஜாடியின் மூடியைத் திறந்தாள். நாறியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். நாறவில்லை. பூண்டும் மிளகாயும் கலந்த அந்தப் பழகிய வாசனை, நாக்கில் எச்சில் ஊற வைப்பது, அப்படியே இருந்தது. நாறாததுதான் அவளைப் பயமுறுத்தியது. போன வாரம் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்கு முன்னால் ஒரு கண்டக்டர். காரம் ஜாஸ்தி என்று சிரித்து அனுப்பினாள்.

அடுத்த நினைப்பு வந்தபோது கையிலிருந்த மூடி நழுவிக் கீழே விழுந்தது.

நேற்று அரிமளத்திலிருந்து அவள் தம்பி சோலையப்பன் வந்திருந்தான். இன்று அவன் மகள் பிரகதாம்பாளுக்குக் காதுகுத்து. விடியற்காலையில் கோயிலில் காது குத்தி, மத்தியானம் வீட்டில் கறிவிருந்து. "கோழி சுடப் போறோம்க்கா, ஒன் கைமணம் வேணும்" என்றான். அவள் பெருமையோடு ஒரு சின்ன ஜாடி நிறைய ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். "உறைடா இது. சிந்தாம கொண்டுபோ. மீனம்மாகிட்டக் குடு."

பெரியகருப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோடரியைச் சாய்த்து வைத்தான்.

"ஒரு லாரிக்காரன் சொன்னான்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டு வரப்போறியா? இவ்வளவு நாளா ஆளுக கடைப் பேரு சொல்லி வந்துக்கிட்டிருக்காங்க. எல்லாம் போயிரும்டி."

"அங்க புள்ளைக இருக்கு."

"சுட்டுத்தானே திங்கப்போறாங்க."

"சுட்டதுக்கு மேல தடவச் சொல்லிக் குடுத்ததே நான்தானே."

அவள் பெரிய ஜாடியைத் தூக்கிக் கொல்லைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினாள். குஞ்சத்தை அடுப்பில் போட்டாள். புதுச்சேலை மாற்ற நினைவில்லாமல், அரைத்த மசாலா கையில் ஒட்டியிருக்க, புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும் பாறையும் கருவேலமும் ஓடின. தண்ணீரில்லாத ஒரு கண்மாயில் ஆடுகள் வானத்தைப் பார்த்தபடி நின்றன. எல்லாம் நேற்று இருந்தது போலவே இருந்தது. உலகம் இப்படி ஒன்றும் நடக்காதது போல் இருக்குமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. புதுக்கோட்டையில் இறங்கி அரிமளம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அவள் கண்ணுக்குள் ஒரு வாழைநார்க் குஞ்சம் இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தது.

தம்பி வீட்டுப் பந்தலில் முதல் பந்தி முடிந்து ஆண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. சொர்ணவல்லி செருப்போடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தம்பி மனைவி மீனம்மாள் வியர்வையைத் துடைத்தபடி திரும்பினாள். "வாங்க மதினி. சாயங்காலந்தான் வருவீகன்னு ஒங்க தம்பி சொன்னாரு. என்ன இப்படி மொகம்?"

"கோழி சுட்டாச்சா?"

"எங்க மதினி. தணல் போட எடமில்ல, ஆளுமில்ல. ஆட்டுக்கறிக் கொழம்போட நிறுத்திட்டோம்."

சொர்ணவல்லி சுவரில் சாய்ந்தாள். சிரிப்புப் போல ஏதோ வந்தது. "நல்லதாப் போச்சு. நல்லதாப் போச்சு மீனம்மா. அந்த ஜாடிய எங்க வச்சிருக்கே? எடு, கொட்டிருவோம்."

"கொட்டுறதா? ஒங்க உறைய வீணாக்குவேனா? ராத்திரியே பாலுக்கு ஊத்திட்டேன்."

"எதுக்கு?"

"பாலுக்குத்தான். நீங்கதானே உறைன்னு குடுத்தனுப்பிச்சீக? ஒங்க தம்பி வந்து அதைத்தான் சொன்னாரு. ஓட்டல்காரவுக உறை, மசாலா எல்லாம் போட்டிருக்குன்னு நெனச்சேன். அண்டாப் பாலக் காய்ச்சி ஆறவச்சு, ஜாடியக் கவுத்தேன். விடிஞ்சு பாத்தா கட்டியா, லேசாச் செவந்து, அழகா உறைஞ்சிருந்துச்சு. வெங்காயம் வெட்டிப்போட்டுப் பச்சடி பண்ணியாச்சு. எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாக."

அடுப்படி வாசலில் ஒரு பெண் பச்சடி வாளியோடு இரண்டாம் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தாள். சொர்ணவல்லி பாய்ந்து வாளியைப் பிடுங்கினாள். கைப்பிடி அவள் விரலில் நழுவி, இளஞ்சிவப்பாகத் தயிரும் வெங்காயமும் பந்தல் தரையில் ஓடின. உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டுக் காலை மடக்கினார்கள்.

"யாரும் பச்சடி தொடாதீங்க," என்றாள். "அது தயிரு இல்ல. பச்சைக் கோழி ஊறின தண்ணி. தெரியாமக் குடுத்துட்டேன். திருச்சியில மூணு பேரு ஆஸ்பத்திரியில படுத்தது என் கடைச் சாப்பாட்டால. முதப் பந்தியில சாப்பிட்டவுக வீட்டுக்குப் போகாதீங்க, இங்கனயே இருங்க."

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் செம்பைப் பிடித்தபடி நின்றார்கள். யாரோ ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். சோலையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, என்ன பேசுற? சொந்தக்காரவுக முன்னாடி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. மீனம்மாளைத்தான் பார்த்தாள். மீனம்மாளின் முகத்தில் நிறம் இல்லை. அவள் கை மெல்ல வாய்க்குப் போயிற்று.

"மதினி," என்றாள். "அதுல காரம் அவ்வளவா ஒறைக்கல."

"அதனால என்ன?"

"காலையில காதுகுத்திட்டு வந்து புள்ள அழுதா. சோறு எறங்கல. மேலாகத் தயிர எடுத்து, சோத்தப் பெசைஞ்சு ஊட்டிவிட்டேன். நல்லாத் தின்னா. இப்பத்தான் ரெண்டு தரம் கக்கினா. காது வலியிலன்னு நெனச்சுத் தூங்கப் போட்டிருக்கேன்."

தூளியை விலக்கியபோது பிரகதாம்பாள் தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. காதில் புதுத் தோடும் அதைச் சுற்றி மஞ்சளும். துணியெல்லாம் நனைந்திருந்தது. உதடு வறண்டிருந்தது. அத்தையைப் பார்த்தும் கையை நீட்டவில்லை.

சோலையப்பன் யாரிடமோ ஓடி ஒரு வேன் கொண்டுவந்தான். ஏறியவர்கள் நிறையப் பேர். முதல் பந்தியில் சாப்பிட்ட வயசானவர்கள் இருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மீனம்மாள் மடியில் குழந்தை. சொர்ணவல்லி ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுக்கொண்டே வந்தாள். முதலில் குழந்தை முனகியது. பாதி வழியில் முனகலும் நின்றது.

"பேசு, என்னப் பெத்தவளே," என்றாள் மீனம்மாள் குழந்தையிடம். "அழு. அழேன்."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் காலைத் தடவித் தடவி நரம்பு தேடினாள். ஊசி ஏறியது, நரம்பு கிடைக்கவில்லை. குழந்தை அசையவில்லை. இடத்தை மாற்றி மறுபடி குத்தினாள். அப்போதும் அசைவில்லை. டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

மீனம்மாள் வாயைத் திறந்தாள். தயிர் என்றுதான் சொல்லப் போனாள். அவளுக்கு அது இன்னும் தயிர்தான்.

"கோழிக்கறி ஊறின தண்ணி," என்றாள் சொர்ணவல்லி. "கொதிக்காத தண்ணி. நாளு கணக்கா ஜாடியில வச்சு, மேல மேல சேத்தது. பாலுல விட்டு ராப்பூரா வெக்கையில இருந்திருக்கு. நான் குடுத்தது."

டாக்டர் நர்ஸிடம் திரும்பி ஏதோ மருந்துப் பேர் சொன்னார். மூன்றாவது ஊசி கணுக்காலில் ஏறியது. கண்ணாடிப் புட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொர்ணவல்லியின் கைகளில் காலையில் அரைத்த மிளகாய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதனால் குழந்தையைத் தொடப் பயந்து கைகளை மடித்து வைத்துக்கொண்டாள்.

புட்டியில் கால் பங்கு இறங்கியிருக்கும். பிரகதாம்பாள் காலை உதைத்தாள். முகம் சுருங்கியது. பிறகு, அந்த வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வீறிட்டு அழுதாள்.

சொர்ணவல்லி சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசல் பக்கம் முதல் பந்திக்காரர்களை ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் அவளைத் திட்டவில்லை. அவளைக் கடக்கும்போது மட்டும் எல்லோரும் சேலை முந்தானையையும் வேட்டி நுனியையும் அவள் மேல் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.